23 கிலோவும் 50 பவுண்டும் ஒண்ணா? 340 கிராமுக்கு 16,600 ரூபாய் கட்டின கதை



வரி, முதலீடு, காப்பீடுன்னு பேசிக்கிட்டிருக்கிற நம்ம பக்கத்துல இன்னைக்கு சூட்கேஸ் எடைக் கணக்கு. போன மாசம் சேனல்ல போட்ட வெளிநாட்டுப் பயணச் செலவு வீடியோவுல இதை ஒரு நிமிஷம்தான் தொட்டேன். இது ஒரு நிமிஷத்துல முடியற விஷயம் இல்லை. அதோட, இந்த விஷயத்துல தப்பு பண்ணினது வேற யாரும் இல்லை, நான்தான். அதனால முழுசா எழுதிடறேன்.

2024 ஜனவரியில் என் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையா அமெரிக்கா போனாங்க. அண்ணன் வீடு ஒஹாயோ மாநிலத்துல கொலம்பஸ் நகரத்துல. சென்னையிலிருந்து வளைகுடா வழியா சிகாகோ வரைக்கும் ஒரு டிக்கெட். சிகாகோவிலிருந்து கொலம்பஸ் போக உள்நாட்டு விமானத்துல தனியா இன்னொரு டிக்கெட். தனித்தனியா எடுத்தா விலை கொஞ்சம் குறைஞ்சதுன்னு நான்தான் அப்படி எடுத்துக் கொடுத்தேன்.

ஆளுக்கு ரெண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. மொத்தம் நாலு பெட்டி. அம்மாவைப் பத்திச் சொல்லணுமா? சாம்பார் பொடி, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், வத்தல், வடகம், பேத்திக்குப் பட்டுப்பாவாடைன்னு கடைசி ராத்திரி வரைக்கும் பெட்டிக்குள்ள போய்க்கிட்டே இருந்தது. நான் கையில பிடிக்கிற தராசை மாட்டி ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்தேன். 22.9, 22.8, 22.6, 21.9. எல்லாம் 23-க்குள்ள. எனக்குத் திருப்தி.

அப்பா ரெண்டாவது டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு, "ஏம்மா, இதுல 50 பவுண்டுன்னு போட்டிருக்கே, இது எவ்வளவு?"ன்னு கேட்டார்.

நான் சொன்ன பதில் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. "23 கிலோவும் 50 பவுண்டும் ஒண்ணுதாம்ப்பா. பேசாம தூங்குங்க."

சென்னையில் நாலு பெட்டியும் சிக்கல் இல்லாம போயிடுச்சு. சிகாகோவில் சுங்கத்தைத் தாண்டி, பெட்டிகளை எடுத்துக்கிட்டு உள்நாட்டு கவுன்டருக்குப் போனாங்க. அங்கே தராசு பவுண்டுல காட்டுது. முதல் பெட்டி 50.5. ரெண்டாவது 50.3. கவுன்டர்ல இருந்தவங்க ரொம்ப மரியாதையா, இந்த ரெண்டும் கூடுதல் எடை, பெட்டிக்கு 100 டாலர்னு சொல்லிட்டாங்க. அடுத்த விமானத்துக்கு நேரம் நெருங்கிடுச்சு. பெட்டியைப் பிரிச்சு அடுக்க அப்பாவுக்குத் தைரியம் இல்லை. 200 டாலர் கட்டிட்டார். அன்னைக்கு டாலர் 83 ரூபாய் கணக்குல 16,600 ரூபாய்.

இதுல எனக்கு வலிச்சது என்னன்னா, அப்பா இதை என்கிட்ட சொல்லவே இல்லை. ரெண்டு மாசம் கழிச்சு அண்ணிதான் போன்ல பேச்சுவாக்குல சொன்னாங்க. "மாமா உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டார், நீங்க வருத்தப்படுவீங்களாம்." ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற ஆடிட்டர் பொண்ணு, அப்பாவுக்குச் சொன்ன ஒரே கணக்கு தப்பு.

எங்கே தப்பு நடந்தது?

முதல்ல உண்மையான எண்ணைப் பார்த்துடுவோம். ஒரு பவுண்டுன்னா சரியா 0.45359237 கிலோ. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் 1959-ல் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணின எண் இது. அதாவது ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம். திருப்பிப் போட்டா, ஒரு கிலோ 2.2046 பவுண்டு. தராசுலயும் டிக்கெட்லயும் பவுண்டை lb-ன்னு போடுவாங்க. அது 'லிப்ரா'ங்கிற லத்தீன் சொல்லோட சுருக்கம். நகைக்கடையில் நாம சொல்ற பவுனோட இதைக் குழப்பிக்க வேண்டாம். அது பிரிட்டிஷ் தங்க நாணயத்திலிருந்து வந்த 8 கிராம். இது சூட்கேஸ் பவுண்டு.

இப்போ டிக்கெட்ல இருக்கிறதைப் போட்டுப் பாருங்க. 50 பவுண்டுன்னா 22.68 கிலோ. 23 கிலோன்னா 50.7 பவுண்டு. ரெண்டும் ஒண்ணு இல்லை. நடுவுல 320 கிராம் வித்தியாசம் இருக்கு.

அப்போ ஏன் எல்லா இடத்துலயும் '50 பவுண்டு / 23 கிலோ'ன்னு சேர்த்துப் போடறாங்க? முழு எண்ணா எழுதினா படிக்கிறவங்களுக்கு வசதி, அவ்வளவுதான். 22.68-ஐ முழுசாக்கினா 23. அதே மாதிரி 70 பவுண்டுன்னா 31.75 கிலோ, அதை 32-ன்னு போடறாங்க. அச்சுல ரெண்டு எண்ணும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால, ஒண்ணு இன்னொண்ணுக்குச் சமம்னு நம்ம மூளை எடுத்துக்குது. உண்மையில் உங்களைத் தடுக்கப்போற எண் ஒண்ணே ஒண்ணுதான்: அந்தக் கவுன்டர்ல இருக்கிற தராசு எந்த அலகுல காட்டுதோ, அந்த அலகுல இருக்கிற எண். சென்னை கவுன்டர்ல 23 கிலோ. சிகாகோ உள்நாட்டு கவுன்டர்ல 50 பவுண்டு.

அப்பாவோட பெட்டிகளை இப்போ பாருங்க. 22.9 கிலோ, 22.68-ஐ விட 220 கிராம் கூட. 22.8 கிலோ, 120 கிராம் கூட. மொத்தம் 340 கிராம். 16,600 ரூபாயை 340-ஆல வகுத்தா கிராமுக்கு ஏறக்குறைய 49 ரூபாய். உலகத்துலயே விலை உயர்ந்த சாம்பார் பொடி எங்க அம்மாவோடதுதான்.

மனக்கணக்கு: ரெண்டே ரெண்டு வழி

போன்ல கால்குலேட்டர் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா ஒரு கையில தராசு, இன்னொரு கையில பெட்டி, பக்கத்துல அம்மா "இதையும் வச்சுடவா"ன்னு கேக்கிற நேரத்துல போனைத் தேட முடியாது. வரிசையில பின்னாடி பத்து பேர் நிக்கும்போதும் முடியாது. அதுக்குத்தான் மனக்கணக்கு.

முதல் வழி, கிலோவிலிருந்து பவுண்டு. எண்ணை இரட்டிப்பாக்குங்க. வந்ததுல பத்துல ஒரு பங்கை அதோட கூட்டுங்க. அவ்வளவுதான்.

23 கிலோன்னா, இரட்டிப்பு 46. அதுல பத்துல ஒண்ணு 4.6. கூட்டினா 50.6. உண்மையான விடை 50.7. கிட்டத்தட்ட வந்துட்டோம் இல்லையா? இந்திய உள்நாட்டு விமானத்துல பெரும்பாலும் கொடுக்கிற 15 கிலோவைப் போட்டுப் பாருங்க. 30, அதோட 3, ஆக 33 பவுண்டு. கையில எடுத்துக்கிட்டுப் போற 7 கிலோ பையா? 14, அதோட 1.4, ஆக 15.4 பவுண்டு.

இது ஏன் வேலை செய்யுதுன்னா, இரட்டிப்போட பத்துல ஒண்ணு சேர்த்தா நாம 2.2-ஆல பெருக்கறோம். உண்மையான எண் 2.2046. ஆயிரத்துக்கு ரெண்டு பங்குதான் குறையுது. 23 கிலோவுல அது 50 கிராம் கூட வராது.

ரெண்டாவது வழி, பவுண்டிலிருந்து கிலோ. பாதியாக்குங்க. வந்ததுல பத்துல ஒரு பங்கைக் கழிங்க.

50 பவுண்டுன்னா, பாதி 25. அதுல பத்துல ஒண்ணு 2.5. கழிச்சா 22.5 கிலோ. உண்மையான விடை 22.68. 70 பவுண்டுன்னா, பாதி 35, கழிக்க வேண்டியது 3.5, விடை 31.5. உண்மையில் 31.75.

கவனிச்சீங்களா, இந்த ரெண்டாவது வழியில பிசகு கொஞ்சம் பெருசு. 50 பவுண்டுல 180 கிராம், 70 பவுண்டுல 250 கிராம். இங்கே நாம 0.45-ஆல பெருக்கறோம், உண்மை 0.4536. நூத்துக்குக் கிட்டத்தட்ட 0.8 பங்கு குறையுது. ஆனா இந்தப் பிசகைச் சரி பண்ண முயற்சி பண்ணாதீங்க. ஏன்னா அது நமக்குச் சாதகமான பக்கம் இருக்கு. அதைத்தான் அடுத்து சொல்லப்போறேன்.

எதை மாத்தணும்: வரம்பையா, பெட்டியையா?

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா, இது இருக்கட்டும்.

ரெண்டு வழியுமே உண்மையான விடையை விடக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். ஒருபோதும் கூட்டிக் காட்டாது. இது நல்லதா கெட்டதாங்கிறது, நீங்க எந்த எண்ணை மாத்தறீங்கங்கிறதைப் பொறுத்தது.

வரம்பை மாத்தறீங்கன்னு வச்சுக்குவோம். டிக்கெட்ல 50 பவுண்டு. பாதி, பத்துல ஒண்ணு கழிச்சு 22.5 கிலோன்னு வருது. உண்மையான வரம்பு 22.68. நீங்க 22.5-ஐத் தாண்டாம அடுக்கினா, உங்களுக்குத் தெரியாமலேயே 180 கிராம் இடம் மிச்சம் இருக்கு. பிசகு உங்களைக் காப்பாத்துது.

இப்போ அதே கணக்கை மாத்திப் போடுங்க. வரம்பை அப்படியே 50 பவுண்டுன்னு வச்சுக்கிட்டு, பெட்டியோட எடையைப் பவுண்டா மாத்தறீங்க. தராசுல 22.7 கிலோ. இரட்டிப்பு 45.4. பத்துல ஒண்ணு 4.54. கூட்டினா 49.94. "அப்பாடா, 50-க்குள்ள"ன்னு பெட்டியைப் பூட்டிடுவீங்க. ஆனா உண்மையான எடை 50.04 பவுண்டு. வரம்பைத் தாண்டிடுச்சு. அதே வழி, அதே பிசகு, இந்தத் தடவை உங்களை மாட்டி விட்டுடுச்சு.

எங்க தொழில்ல இதுக்கு எச்சரிக்கைக் கொள்கைன்னு பேர். வருமானம் உறுதியா வந்தாத்தான் கணக்குல எழுதணும். நஷ்டம் வரும்போல இருந்தாலே எழுதிடணும். சூட்கேஸுக்கும் அதேதான். உங்களுக்குக் கிடைக்கிற இடத்தைக் குறைச்சு மதிப்பிடுங்க. நீங்க தூக்கிக்கிட்டுப் போற சுமையைக் கூட்டி மதிப்பிடுங்க. இதைச் சுருக்கி ஒரு வரியில சொன்னா: வரம்பை மாத்துங்க, பெட்டியை மாத்தாதீங்க.

அதாவது உங்க வீட்டுத் தராசு எந்த அலகுல காட்டுதோ, அந்த அலகுக்கு டிக்கெட்ல இருக்கிற வரம்பைக் கொண்டுவாங்க. ஒரே ஒரு தடவைதான் மாத்தணும். அதுக்கப்புறம் எத்தனை பெட்டி இருந்தாலும், எத்தனை தடவை தூக்கிப் பார்த்தாலும், தராசுல தெரியற எண்ணை அந்த ஒரு எண்ணோட ஒப்பிட்டுப் பார்த்தாப் போதும். 22.5-ன்னு ஒரு தாளுல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டிடுங்க. கணக்கு முடிஞ்சது.

பயணத்துல ரெண்டு விமானம், ரெண்டு வரம்பு இருந்தா, ரெண்டையும் கிலோவுக்குக் கொண்டுவந்து சின்னதை எடுத்துக்கங்க. எங்க கேஸ்ல ஒண்ணு 23, இன்னொண்ணு 22.5. நான் அன்னைக்கு 22.5-ன்னு எழுதி ஒட்டியிருந்தா, அம்மாவோட ஊறுகாய் பாட்டில் ஒண்ணு வீட்டுலயே தங்கியிருக்கும். 200 டாலரும் தங்கியிருக்கும்.

மனக்கணக்கு மேல நம்பிக்கை வரலைன்னா, எக்செல்ல ஒரு தடவை சரிபார்த்துக்கங்க:

```
=CONVERT(50,"lbm","kg")
```

22.68-ன்னு வரும். இங்கே lbm-ன்னுதான் கொடுக்கணும். Lb-ன்னு கொடுத்தா எக்செல் ஏத்துக்காது.

கவுன்டர்ல நிக்கும்போது: மொத்தத்தை விடுங்க, மிச்சத்தை மட்டும் மாத்துங்க

சரி, எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் கவுன்டர்ல 52.5 பவுண்டுன்னு காட்டுதுன்னு வச்சுக்குவோம். அப்போ 52.5-ஐ கிலோவா மாத்த உட்காராதீங்க. உங்களுக்கு வேண்டியது அது இல்லை. வரம்பை விட எவ்வளவு கூட இருக்குங்கிறதுதான். 2.5 பவுண்டு கூட. அதுக்கு எத்தனை கிராம் எடுக்கணும்?

இங்கே பாதியாக்கி, பத்துல ஒண்ணு கழிக்கிற வழி வேண்டாம். ஏன்னா அது குறைச்சுக் காட்டும். குறைச்சு எடுத்தா மறுபடியும் தராசுல மாட்டுவோம். அதனால கழிக்கிறதை விட்டுட்டு, பாதியோட நிறுத்திடுங்க. ஒரு பவுண்டுக்கு அரைக் கிலோ. 2.5 பவுண்டுக்கு ஒண்ணேகால் கிலோ எடுங்க. உண்மையில் எடுக்க வேண்டியது 1.13 கிலோதான். நூத்திச் சொச்சம் கிராம் கூடுதலா எடுத்திருப்பீங்க, அவ்வளவுதான். ஒரே தடவையில வேலை முடிஞ்சிடும்.

நம்ம ஊர்ப் பொட்டலங்கள் இதுக்கு ரொம்ப வசதி. எல்லாத்துலயும் கிராம் அச்சடிச்சிருக்கும். அரைக் கிலோ பாக்கெட்னா 1.1 பவுண்டு. 200 கிராம் பாக்கெட்னா கிட்டத்தட்ட 0.44 பவுண்டு. இந்த ரெண்டு எண் தெரிஞ்சா, எந்தப் பாக்கெட்டை எங்கே மாத்தணும்னு நின்ன இடத்துலயே முடிவு பண்ணலாம்.

அப்பாவோட நாலு பெட்டியையும் இப்படிப் பார்ப்போம். சிகாகோ தராசுல அவை 50.5, 50.3, 49.8, 48.3. நாலையும் கூட்டினா 198.9. நாலு பெட்டிக்கு மொத்த வரம்பு 200. ஆக மொத்தத்துல பார்த்தா எடை கூடவே இல்லை! அடுக்கின விதம்தான் தப்பு. நாலாவது பெட்டியில 1.7 பவுண்டு இடம் காலியா கிடந்தது.

முதல் பெட்டியிலிருந்து அரைக் கிலோ பொடிப் பாக்கெட் ஒண்ணை நாலாவது பெட்டிக்கு மாத்தியிருந்தா, முதல் பெட்டி 49.4, நாலாவது 49.4. ரெண்டாவது பெட்டியிலிருந்து ஒரு 200 கிராம் பாக்கெட்டை மாத்தியிருந்தா, அது 49.9-க்குக் கீழ வந்திருக்கும். நாலாவது பெட்டி 49.8-ல நின்னிருக்கும். ரெண்டே பாக்கெட். 16,600 ரூபாய்.

அதனால ஒரு சின்ன ஏற்பாடு செஞ்சுக்கங்க. ஒவ்வொரு பெட்டியிலும் மேலாக, ஜிப்பைத் திறந்த உடனே கைக்கு எட்டற மாதிரி, அரைக் கிலோ பாக்கெட் ஒண்ணும் சின்னப் பாக்கெட் ஒண்ணும் வைங்க. எடை கூடின பெட்டியிலிருந்து குறைஞ்ச பெட்டிக்குப் போக வேண்டியவை அவைதான். புடவை மடிப்பைக் கலைக்க வேண்டியதில்லை. இது கூச்சமா இருக்கும்னு அப்பா மாதிரி பெரியவங்க நினைப்பாங்க. அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க: வரிசையை விட்டுத் தள்ளி நின்னு மாத்திட்டு வரேன்னு கேட்டா, பெரும்பாலும் விடுவாங்க.

சில கவுன்டர்ல 50.3-ஐப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுடுவாங்க. உங்களுக்கே அப்படி நடந்திருக்கலாம். அதை வரவுல எழுதாதீங்க. அது அந்த நாள், அந்த ஆள், அந்த வரிசையைப் பொறுத்தது.

தராசு சொல்றது உண்மையா?

கணக்கு சரியா இருந்தும், தராசு தப்பா இருந்தா எல்லாம் வீண். கையில பிடிக்கிற தராசுல ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, அலகு. பெரும்பாலான தராசுல UNIT-னு ஒரு பொத்தான் இருக்கும். தெரியாம அழுத்தினா kg போய் lb வந்துடும். திரையில மூலையில சின்னதா இருக்கிறதால கண்ணுல படாது. இதைக் கண்டுபிடிக்க மனக்கணக்கே போதும். பாதி காலியா இருக்கிற பெட்டி 30-ன்னு காட்டினா, பாதி 15, பத்துல ஒண்ணு கழிச்சா 13.5 கிலோ. ஆமா, கைக்கு அப்படித்தான் தெரியுதுன்னா, தராசு பவுண்டுல இருக்கு. தலைகீழாவும் நடக்கும். 22-ன்னு காட்டற பெட்டியை உங்க ஒன்பதாவது படிக்கிற பையன் ஒரே கையால தூக்கிட்டுப் போறான்னா, அது 22 பவுண்டு, அதாவது 10 கிலோ. இன்னும் நிறைய இடம் இருக்கு.

ரெண்டு, துல்லியம். எடை தெரிஞ்ச ஒரு பொருளைத் தொங்கவிட்டுப் பாருங்க. அதுவும் 1 கிலோ சர்க்கரையை வச்சு இல்லை. 23 கிலோவுக்குப் பக்கத்துல இருக்கிற எடையில பார்க்கணும். வீட்டுல பிரிக்காத அரிசி மூட்டை இருந்தா அதுதான் நல்ல படிக்கல். ஆனா மூட்டையில அச்சடிச்ச எடையைப் படிச்சுட்டு மாட்டுங்க. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததுக்கு அப்புறம், நிறைய பேர் 26 கிலோ மூட்டையா விக்க ஆரம்பிச்சாங்க. 25-ன்னு நினைச்சு 26-ஐ மாட்டினா, நல்ல தராசைத் தப்புன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. சாக்கோட எடையும் சேரும்ங்கிறதால நூறு கிராம் அளவுக்குக் கூடக் காட்டினா பரவாயில்லை. குறைச்சுக் காட்டினாத்தான் கவலைப்படணும்.

தராசை இப்படிச் சரிபார்த்துட்டீங்கன்னா 22.5 வரைக்கும் அடுக்கலாம். சரிபார்க்கலைன்னா, அல்லது ஆள் மேல ஏறி நிக்கிற தராசுல பெட்டியோட ஒரு தடவை, பெட்டி இல்லாம ஒரு தடவை நின்னு கழிச்சுப் பார்க்கறீங்கன்னா, 22-ல நிறுத்திடுங்க. அந்த முறையில ரெண்டு அளவு எடுக்கறோம், ரெண்டுலயும் பிசகு சேரும்.

டிக்கெட் எடுக்கும்போதே பார்க்க வேண்டியது

என் தப்புல பாதி, எடையில இல்லை, டிக்கெட்ல. அமெரிக்காவுக்குப் போற, அங்கிருந்து வர்ற பயணம் ஒரே டிக்கெட்டா இருந்தா, முழுப் பயணத்துக்கும் ஒரே பெட்டி வரம்பு, ஒரே கட்டணம்னு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதி இருக்கு. நடுவுல வேற நிறுவனத்தோட உள்நாட்டு விமானம் வந்தாலும் முதல்ல சொன்ன வரம்புதான். தனி டிக்கெட் எடுத்தா அந்தப் பாதுகாப்பு போயிடும். அந்த நிறுவனத்தோட வரம்பு, அவங்க கட்டணம், அவங்க தராசு. பெட்டிக்கே தனிக் கட்டணமும் வரலாம். தனி டிக்கெட்ல எவ்வளவு மிச்சம்னு பார்க்கும்போது இதையும் சேர்த்துக் கூட்டுங்க. நான் கூட்டலை.

இன்னொண்ணு, பெட்டிக்கு இவ்வளவுன்னு வரம்பு போட்டிருந்தா, அது ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி. ரெண்டு 23-ஐக் கூட்டி 46-ன்னு எடுத்துக்க முடியாது. ஒண்ணு 25, இன்னொண்ணு 20-ன்னு கொண்டுபோனா மொத்தம் 45 தான், ஆனாலும் முதல் பெட்டிக்குக் கட்டணம் உண்டு. காசு கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாதுன்னு பெரும்பாலான இடத்துல வச்சிருக்காங்க. அதைத் தூக்கிப் போடற ஊழியர்களோட முதுகுக்காகப் போட்ட வரம்பு அது. அமெரிக்காவில் அதுவே 70 பவுண்டு. நம்ம கணக்குல 31.5 கிலோ.

போன வருஷம் அப்பாவும் அம்மாவும் மறுபடியும் போனாங்க. இந்தத் தடவை தராசைப் பிடிச்சது அப்பா. "பாதி, அதுல பத்துல ஒண்ணு கழி"ன்னு அவரே சொல்லிக்கிட்டு, தாளுல 22.5-ன்னு எழுதி வச்சுக்கிட்டார். நாலு பெட்டியும் 22.4-ஐத் தாண்டலை. சிகாகோவிலிருந்து போன் வந்தது.

"49.4 காட்டுச்சும்மா. உன் கணக்கு சரிதான்."

ரெண்டு வருஷம் முன்னாடி கட்டின 200 டாலரைப் பத்தி அவர் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேக்கலை.

தராசைத் தொங்கவிட்டு, அரிசி மூட்டையோட சரிபார்க்கிறதை வீடியோவா எடுத்திருக்கேன், இந்த ஞாயித்துக்கிழமை சேனல்ல வரும். அதுக்குள்ள உங்க வீட்டுல யாராவது கிளம்பறாங்கன்னா, அவங்க டிக்கெட்டை எடுத்து, கவுன்டர்ல எந்த அலகுல நிறுப்பாங்கன்னு மட்டும் முதல்ல பார்த்துடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.